ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மைக்ரேஷன் சான்றிதழ் எங்கே வாங்குவது?

கேள்வி: "வணக்கம் ஐயா. நாங்கள் மதுரையில் இருக்கிறோம். கணவர் பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறார். திடீரென்று டெல்லிக்கு மாற்றல் வந்து, நவம்பர் முதல் வாரத்தில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். மகள் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, மகன் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. டெல்லியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பேசினோம். இருவருக்கும் மேலொப்பம் வாங்கிய டி.சி.யும் மைக்ரேஷன் சான்றிதழும் கொண்டுவரச் சொன்னார்கள். இங்கே பள்ளியில் கேட்டால், மைக்ரேஷன் எல்லாம் நாங்கள் தருவதில்லை என்கிறார்கள். டி.சி. வேண்டுமானால் முழு வருட ஃபீஸையும் கட்டச் சொல்கிறார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. உடனே டி.சி. வாங்கிவிடலாமா? மைக்ரேஷனுக்கு எங்கே போவது?" (ஒரு வாசகி, மதுரை)

பதில்:

வணக்கம் அம்மா. மைக்ரேஷனுக்காக நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். டி.சி.யை இன்றைக்கே வாங்கிவிடவும் வேண்டாம். முதலாவது தேவையில்லாத வேலை. இரண்டாவது செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் அதற்கு முன் டெல்லிப் பள்ளியிடம் ஒரு பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

டி.சி. என்பது பள்ளி கொடுப்பது. இந்தப் பிள்ளை எங்களிடம் இந்த வகுப்பில் படித்தது, இந்தத் தேதியில் நின்றது என்று தலைமை ஆசிரியரோ முதல்வரோ கையெழுத்துப் போட்டுச் சொல்வது அது. மைக்ரேஷன் சான்றிதழைப் பள்ளி கொடுக்க முடியாது. தேர்வு நடத்திய வாரியம்தான் கொடுக்கும். எங்கள் வாரியத்தில் பொதுத்தேர்வு எழுதித் தேறிய இந்த மாணவர் வேறு வாரியத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்பதுதான் அதில் இருக்கும் விஷயம். தமிழ்நாட்டில் அதைக் கொடுப்பது சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எழுதியவரின் தேர்வுப் பதிவெண்ணை வைத்துத்தான் அவர்கள் அதைத் தயாரிப்பார்கள். உங்கள் மகளுக்கு அப்படி ஒரு எண்ணே இன்னும் வரவில்லை. ஆகவே நீங்கள் சென்னைக்கே போய் நின்றாலும் அவர்களால் கொடுக்க முடியாது. உங்கள் பள்ளி சொன்னது சரிதான்.

பிறகு டெல்லிப் பள்ளி ஏன் கேட்கிறது? பெரும்பாலும் அது அலுவலகத்தில் எல்லா வகுப்புக்கும் சேர்த்து அச்சடித்து வைத்திருக்கும் பட்டியலாக இருக்கும். பதினொன்றாம் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு மைக்ரேஷன் தேவை என்பதால் அது அதில் இருக்கிறது. எழுத்தர் அந்தத் தாளைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறார். இதற்கு வாக்குவாதம் வேண்டாம். "மகள் இதுவரை எந்த வாரியத்தின் பொதுத்தேர்வும் எழுதவில்லை, ஆகவே மைக்ரேஷன் சான்றிதழ் பொருந்தாது" என்று ஒரு வரி எழுதி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த ஒரு வரியோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். சி.பி.எஸ்.இ.யின் தேர்வு விதிகளில், ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே எந்த வகுப்பிலும் ஆகஸ்ட் 31-க்குப் பிறகு வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் சேர்க்கை கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. தவிர்க்க முடியாத காரணத்தைக் குறிப்பிட்டு, பள்ளி முதல்வர் வழியாகத்தான் அந்த அனுமதியைக் கேட்க வேண்டும். பெற்றோர் நேரடியாகக் கேட்பது அல்ல. நீங்கள் போவது நவம்பரில். ஆக, உங்கள் மகளுக்கு அந்தப் பள்ளியில் காலி இடம் இருந்தால் மட்டும் போதாது. அவளுக்காக முதல்வர் விண்ணப்பிக்கவும் சம்மதிக்க வேண்டும். கணவரின் மாற்றல் உத்தரவு வலுவான காரணம். இருந்தாலும் எல்லாப் பள்ளிகளும் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதில்லை.

அப்புறம் இன்னொரு விஷயமும் ஒன்பதாம் வகுப்போடு ஒட்டியே வருகிறது. சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடக்கிறது. வழக்கமாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பள்ளிகள் ஒவ்வொரு மாணவரின் பெயரையும் பெற்றோர் பெயரையும் பாடங்களையும் வாரியத்தின் தளத்தில் ஏற்றுவார்கள். அதில் பெயர் ஏறினால்தான் அடுத்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வழி சுலபம். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும், ஆனால் பதிவில் பெயர் இருக்காது என்ற நிலை வந்தால் சிக்கல் அடுத்த வருடம்தான் தெரியும்.

அதனால் டெல்லிப் பள்ளிக்கு மின்னஞ்சலில் இரண்டே கேள்வி கேளுங்கள். ஆகஸ்ட் 31 கடந்துவிட்டதால், மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க சி.பி.எஸ்.இ. மண்டல அலுவலகத்தின் அனுமதிக்கு விண்ணப்பிப்பீர்களா? நடப்பு ஆண்டின் ஒன்பதாம் வகுப்புப் பதிவில் அவள் பெயர் சேர்க்கப்படுமா? மாற்றல் உத்தரவின் நகல், எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, இந்த வருடக் காலாண்டு மதிப்பெண், ஆதார் நான்கையும் அதோடு இணைத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்து, "வாரிய அனுமதிக்கு உட்பட்டு இடம் ஒதுக்கப்படுகிறது" என்று ஒரு கடிதம் கையில் கிடைத்தால், மதுரையில் டி.சி.க்கு எழுதிக் கொடுங்கள். "டி.சி. கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால் கொடுக்காதீர்கள். டி.சி. எழுதிவிட்டால் இங்கே வருகைப் பதிவேட்டில் பெயர் நீக்கப்பட்டுவிடும். அங்கே அனுமதி வராமல் போனால் பிள்ளை இரண்டு ஊருக்கும் இல்லாமல் நிற்கும். பருவத்தின் நடுவில் மாறுகிற குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

டெல்லிப் பள்ளி முடியாது என்று பதில் அனுப்பினால் என்ன செய்வது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்படியானால் கணவர் முன்னால் போகட்டும். நீங்களும் பிள்ளைகளும் ஏப்ரல் வரை மதுரையிலேயே இருந்து ஒன்பதாம் வகுப்பை முடித்துவிடுங்கள். இன்னொரு காரணமும் இதற்கு உண்டு. நம் பள்ளிகள் ஜூனில் தொடங்குகின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் வகுப்பு ஏப்ரலிலேயே ஆரம்பித்து, ஆண்டுத் தேர்வு பிப்ரவரி, மார்ச்சில் முடிந்துவிடும். நவம்பரில் போகிற பிள்ளைக்கு அங்கே மூன்று, நான்கு மாதம்தான் மிச்சம் இருக்கும், அரையாண்டுத் தேர்வும் அநேகமாக முடிந்திருக்கும். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

ஒன்பது முடித்துவிட்டு நேராக சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் சேர்வதும் எளிதல்ல. அங்கே ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே இரண்டாண்டுப் படிப்பு. வேறு வாரியத்தில் ஒன்பது படித்தவரைப் பத்தில் சேர்க்கவும் வாரியத்தின் அனுமதி வேண்டும். பெற்றோர் மாற்றல் அதற்கு ஏற்றுக்கொள்ளப்படும் காரணம். ஆனால் அந்த விண்ணப்பம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே போக வேண்டும், மே, ஜூன் வரை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. இதைவிட நிம்மதியான வழி, முடியுமானால், மகள் பத்தாம் வகுப்பையும் இங்கேயே எழுதிவிட்டுப் பதினொன்றுக்கு டெல்லி போவது. அப்போதுதான் நீங்கள் இன்று தேடுகிற மைக்ரேஷன் சான்றிதழ் உண்மையிலேயே தேவைப்படும். அதற்கு இ-சேவை மையம் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

சரி, டெல்லியிலிருந்து ஆம் என்று பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி டி.சி. நம் பள்ளிகளில் இப்போது அது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸிலிருந்து அச்சிட்டு வருகிறது. ஆண்டு முடிவில் கொடுக்கும் டி.சி.க்கும் நடுவில் கொடுப்பதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். "மேல் வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதியுடையவரா" என்று ஒரு கட்டம் இருக்கும். எழுத்தர் பழக்கத்தில் அதில் "ஆம், பத்தாம் வகுப்புக்கு" என்று போட்டுவிடுவது உண்டு. மகள் ஒன்பதை முடிக்கவே இல்லை. அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க அனுமதி கேட்கிறார்கள், டி.சி.யில் பத்துக்குத் தகுதி என்றிருந்தால் கோப்பு திரும்பி வந்துவிடும். "ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போது நின்றார்" என்று தெளிவாக இருக்க வேண்டும். கடைசியாக வகுப்புக்கு வந்த நாள், பெயர் நீக்கிய நாள், டி.சி. எழுதிய நாள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காமல் வரிசையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வருகை நாட்களுக்கும் வேலை நாட்களுக்கும் தனியாக ஒரு சான்று முதல்வர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன 75 சதவீதக் கணக்குக்கு அங்கே அது கைகொடுக்கும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் பிள்ளை பெயரோடு ஒரு இனிஷியல் நிற்கும், ஆதாரில் அது விரிந்து அப்பா பெயராகப் பின்னால் ஒட்டியிருக்கும், பிறப்புச் சான்றிதழில் சில சமயம் இனிஷியலே இருக்காது. இதுவரை இது ஒரு பிரச்சினையாக உங்களுக்குத் தெரிந்திருக்காது. சி.பி.எஸ்.இ. பதிவில் மாணவர் பெயர், தாய் பெயர், தந்தை பெயர் மூன்றும் தனித்தனியாக ஏறும். ஏறியபடியேதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அச்சாகும். பிற்பாடு திருத்த வேண்டுமென்றால், பள்ளிப் பதிவில் முன்பு எப்படி இருந்தது என்று டி.சி.யைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் டி.சி. அச்சாவதற்கு முன்னாலேயே பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, எமிஸ் திரையில் இருக்கும் பெயரை ஆதாரோடும் பிறப்புச் சான்றிதழோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்தாலும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் கணவர் பெயரையும்கூட விட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பத்தை வாய்மொழியாகக் கேட்பதோடு விடாமல் எழுதியே கொடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, தங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் எங்கள் மகள் (சேர்க்கை எண்: ...., எமிஸ் எண்: ....) தந்தையின் பணி மாறுதல் காரணமாக டெல்லியில் சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடர உள்ளார். அவர் .... தேதி வரை வகுப்புக்கு வருவார். அதன்பின் மாற்றுச் சான்றிதழ், வருகைச் சான்று, காலாண்டு மதிப்பெண் அட்டை ஆகியவற்றை வழங்கக் கேட்டுக்கொள்கிறோம். வேறு மாநிலத்தில் சமர்ப்பிக்க இருப்பதால் மாற்றுச் சான்றிதழை மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பத்துக்குப் பரிந்துரைக்கும் கடிதத்தையும் தர வேண்டுகிறோம். பணி மாறுதல் உத்தரவின் நகலும், சேர்க்கை உறுதிக் கடிதத்தின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன."

கீழே பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு புகார் செய்ய வேண்டி வந்தால், நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.

ஃபீஸ் விஷயம். பிள்ளைகள் படித்த பருவத்துக்கு உரிய கட்டணத்தில் பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள். அது நியாயமான பாக்கி, அதில் தகராறு செய்வது உங்களுக்குத்தான் தாமதம். ஆனால் பிள்ளை படிக்கப்போகாத மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டினால்தான் டி.சி. என்று சொல்வது வேறு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதைப் பற்றித் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி இருக்கிறது என்று டி.சி.யில் எழுதவும் கூடாது, பாக்கி இருந்தால் பள்ளி அதைப் பெற்றோரிடம் சட்டப்படி தனியாக வசூலித்துக்கொள்ளட்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். முதல்வரிடம் இதைப் பதமாகச் சொல்லுங்கள். கணக்கைத் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், டி.சி.யை நிறுத்த வேண்டாம் என்று கேளுங்கள். பல இடங்களில் அதோடு இறங்கி வந்துவிடுவார்கள். அப்படியும் கொடுக்கவில்லை என்றால், முத்திரை வாங்கிய பிரதியோடு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் மனு கொடுங்கள், அங்கே நகரவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். இந்த மனுவில் கோபத்தைக் காட்ட வேண்டாம். பணியில் சேர வேண்டிய தேதியும், டெல்லிப் பள்ளி கொடுத்திருக்கும் கெடுவும் முதல் பத்தியிலேயே இருந்தால் போதும்.

மேலொப்பம் எதற்கு என்றால், டெல்லியில் இருக்கும் முதல்வருக்கு மதுரையில் உங்கள் பள்ளி அங்கீகாரம் பெற்றதா, கையெழுத்துப் போட்டவர் உண்மையிலேயே அதன் முதல்வரா என்று தெரிய வழியில்லை. அதைக் கல்வித் துறை அதிகாரி ஒருவர் உறுதி செய்து கையெழுத்தும் முத்திரையும் போடுகிறார். 2022-ல் துறையை மாற்றி அமைத்தபோது தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக மாவட்டக் கல்வி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். மெட்ரிக் பள்ளி என்பதால் நீங்கள் போக வேண்டியது அவருடைய அலுவலகத்துக்குத்தான். அரசுப் பள்ளிகளைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போய் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள். அசல் டி.சி., நகல்கள், பள்ளியின் பரிந்துரைக் கடிதம், மாற்றல் உத்தரவு ஆகியவற்றோடு பள்ளியின் நடப்பு அங்கீகார ஆணையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இந்தக் கடைசித் தாளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் அது இல்லாமல்தான் பல மேலொப்பங்கள் தாமதமாகின்றன. தனியார் பள்ளிகளின் அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. உங்கள் பள்ளியின் கெடு முடிந்து, புதுப்பிக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அலுவலகத்தில் யோசிப்பார்கள். அப்படியானால் புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான ஒப்புகையைப் பள்ளியிடம் வாங்கி இணைக்க வேண்டியிருக்கும். இதை டி.சி. கேட்கும் நாளிலேயே விசாரித்துவிடுங்கள். மேலொப்பம் டி.சி.யிலேயே விழ வேண்டும், தனித்தாளில் வாங்கி வராதீர்கள். அதிகாரியின் பெயர், பதவி, தேதி, வட்ட முத்திரை நான்கும் படிக்கிற மாதிரி இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

காகிதம் முடிந்தாலும் வேலை முடியாது, கணினியில் பெயரை விடுவிக்க வேண்டும். டி.சி. கொடுத்ததும் பள்ளி எமிஸில் பிள்ளையைத் தன் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு மாற்றும். தமிழ்நாட்டுக்குள் மாறுகிறவர்களுக்கு அது போதும். நீங்கள் மாநிலம் விட்டுப் போகிறீர்கள். நாடு முழுவதுக்கும் பொதுவான யூடைஸ் பிளஸ் தளத்திலும் பெயரை விட வேண்டும். அங்கே வெளியேறும் பிள்ளையை டிராப்பாக்ஸ் என்ற பகுதிக்கு மாற்றுவார்கள். டெல்லிப் பள்ளி பிள்ளையின் பென் என்கிற நிரந்தரக் கல்வி எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மதுரைப் பள்ளி விடாமல் வைத்திருந்தால், டெல்லியில் "இந்த மாணவர் வேறு பள்ளியில் படிக்கிறார்" என்று காட்டும். அப்போது மதுரையில் விடுமுறையாக இருந்தால் ஃபோன் எடுக்கவும் ஆள் இருக்க மாட்டார்கள். ஆகவே ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் இரு பிள்ளைகளின் எமிஸ் எண், பென் எண், அபார் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள். யூடைஸில் விடுவித்தாயிற்று என்று அலுவலகத்தில் கணினி பார்க்கும் ஊழியரிடம் கேட்டு, திரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊழியரின் கைபேசி எண் இருந்தால் இன்னும் நல்லது.

மகனுக்கு இவ்வளவு இல்லை. ஆறாம் வகுப்புக்கு ஆகஸ்ட் 31 விதியும் கிடையாது, வாரியப் பதிவும் கிடையாது. மைக்ரேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. டி.சி. வாங்கி, அக்காவுடையதோடு சேர்த்து ஒரே போக்கில் மேலொப்பமும் வாங்கிவிடுங்கள். அவனுக்குக் கூடுதலாக ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாற விரும்பினால், பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும் என்கிறது. டி.சி. வரத் தாமதமானது என்பதைக் காரணம் காட்டி அங்கே சேர்க்கையை மறுக்கவும் கூடாது. நீங்கள் பேசியிருப்பது தனியார் பள்ளி என்றால் இந்தப் பிரிவு அப்படியே பொருந்தாது. ஆனால் அங்கே ஏதாவது இழுபறி ஏற்பட்டு, நடுவில் இரண்டு மாதம் அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டி வந்தால் மகனுக்கு இது கைகொடுக்கும்.

டெல்லிப் பள்ளியிடம் கேட்கும்போது மகளின் இரண்டாம் மொழியையும் மறந்துவிடாதீர்கள். இங்கே தமிழ் படித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்பதாம் வகுப்பின் நடுவில் முழு இந்திப் பாடத்தைக் கொடுத்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு வரை அது சுமைதான். சி.பி.எஸ்.இ.யில் தமிழ் ஒரு தேர்வுப் பாடமாகவே இருக்கிறது, பள்ளியில் ஆசிரியர் இருப்பதுதான் கேள்வி. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகள் நகரத்தின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன, எல்லாமே சி.பி.எஸ்.இ.யோடு இணைந்தவை, தமிழும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீடு பார்க்கும் முன் அவற்றில் ஏதாவது ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று அதே இரண்டு கேள்விகளோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.